நேர்முகத் தேர்வு முடிந்த அன்றிரவே நன்றி மடல்: தவறாகச் சொன்ன விடையை அதில் திருத்துவது எப்படி?

"ஐயா, நான் பி.எஸ்சி. முடித்தவள். ஊர் திருத்துறைப்பூண்டி பக்கம். இன்று காலை தஞ்சாவூருக்கு அருகில் ஒரு நவீன அரிசி ஆலையில் தரக்கட்டுப்பாட்டு உதவியாளர் வேலைக்கு நேர்முகத் தேர்வு நடந்தது. மூன்று பேர் இருந்தார்கள், நன்றாகவே பேசினார்கள். 20 சதவீத ஈரப்பதம் உள்ள 100 கிலோ நெல்லை 14 சதவீதத்துக்குக் காயவைத்தால் எடை எவ்வளவு குறையும் என்று கேட்டபோது 6 கிலோ என்று சொல்லிவிட்டேன். வெளியே வந்து பேருந்தில் ஏறிய பிறகுதான் அது தவறோ என்று தோன்றியது. இன்று இரவே நன்றி சொல்லி எழுதலாமா? தமிழில் எழுதலாமா? அந்தத் தவறை நானே சொல்வதா, விட்டுவிடுவதா?"

எழுதுங்கள் அம்மா, இன்றிரவே, தமிழிலேயே எழுதுங்கள், அந்தத் தவறையும் நீங்களே சொல்லுங்கள். நெல், அரிசி சார்ந்த நிறுவனங்களில் ஆள் எடுக்கும் மேசைக்கு அந்தப் பக்கம் பதினேழு ஆண்டுகள் உட்கார்ந்தவன் என்ற முறையில் இதைத் தயக்கமின்றிச் சொல்கிறேன். உங்கள் நிலையில் இருப்பவர்களுக்கு நன்றி மடலில் எழுதுவதற்கு உண்மையான ஒரு செய்தி கையில் இருக்கிறது. பெரும்பாலானவர்களுக்கு அது இருப்பதில்லை. அதனால்தான் அவர்களுடைய மடல்கள் படித்த மறுநொடியே மறந்துபோகின்றன.

முதலில், ஏன் இன்றே என்பதைப் பார்ப்போம். நேர்முகத் தேர்வு நடத்துபவர்கள் ஒவ்வொருவர் வெளியே போனதும் மதிப்பீட்டுத் தாளில் ஒன்றிரண்டு சொற்களைக் குறித்துக்கொள்வார்கள். மதிப்பெண்ணையும் பரிந்துரையையும் முழுமையாக எழுதி முடிப்பது பெரும்பாலும் அன்று மாலை அல்லது மறுநாள் காலை. என்னுடைய தாளில் பென்சிலால்தான் குறிப்பேன். "பேச்சு தெளிவு. சாம்பிள் எடுக்கும் முறை தெரியும். கணக்கில் தடுமாற்றம்." ஏறக்குறைய இப்படித்தான் உங்களைப் பற்றியும் அங்கே ஒருவர் குறித்து வைத்திருப்பார். அந்தப் பென்சில் எழுத்து பேனா எழுத்தாக மாறுவதற்கு முன் உங்கள் மடல் போய்ச் சேர்ந்தால் அதற்கு ஒரு பயன் உண்டு. மூன்று நாள் கழித்துச் சேர்ந்தால் தாள் மேலாளரிடம் போயிருக்கும். உங்கள் முகமும், நீங்கள் சொன்ன விடையும், அடுத்து வந்த ஏழெட்டுப் பேரின் முகங்களோடு கலந்திருக்கும்.

ஆனால் பேருந்தில் இருந்தபடியே எழுதாதீர்கள். மன்னார்குடி தாண்டும் வரை நின்றுகொண்டு, ஒரு கையால் கம்பியைப் பிடித்து, மறு கையால் தட்டச்சு செய்யும் மடலில் எழுத்துப் பிழையும் வரும், கணக்குப் பிழையும் வரும். வீட்டுக்குப் போய், முகம் கழுவி, ஏதாவது சாப்பிட்டுவிட்டு, ஒரு காகிதத்தில் முதலில் கணக்கைப் போடுங்கள். மாலை 6 மணிக்கும் இரவு 9 மணிக்கும் இடையில் அனுப்பினால் போதும். 9 மணியைத் தாண்டிவிட்டால்கூட மின்னஞ்சலுக்குக் குறையொன்றும் இல்லை. அது யாரையும் தூக்கத்திலிருந்து எழுப்பாது. அந்த நேரத்தில் வாட்ஸ்அப் மட்டும் வேண்டாம்.

இப்போது கணக்கு. இதைச் சரியாகப் புரிந்துகொள்ளாமல் திருத்தம் எழுதினால் இரண்டாவது தவறாகிவிடும். இரண்டாவது தவறு முதல் தவறைவிட மோசமானது, ஏனென்றால் அது பதற்றத்தில் வாய்தவறி வந்தது அல்ல, உட்கார்ந்து யோசித்து எழுதியது. 20 சதவீத ஈரப்பதம் உள்ள 100 கிலோ நெல்லில் 20 கிலோ தண்ணீர்; மீதி 80 கிலோ உலர்ந்த பொருள். காயவைக்கும்போது போவது தண்ணீர் மட்டுமே. 80 கிலோ அப்படியே இருக்கிறது. காய்ந்த பிறகு ஈரப்பதம் 14 சதவீதம் என்றால், அப்போதுள்ள எடையில் 86 சதவீதம் உலர்ந்த பொருள் என்று பொருள். ஆகவே 80 கிலோ என்பது புதிய எடையின் 86 சதவீதம். 80-ஐ 0.86-ஆல் வகுத்தால் 93.02 கிலோ. குறைந்தது 6.98 கிலோ, ஏறக்குறைய 7 கிலோ. சரிபார்க்க வேண்டுமானால் திரும்பி வாருங்கள்: 93.02 கிலோவில் 14 சதவீதம் 13.02 கிலோ தண்ணீர். அதைக் கழித்தால் 80 கிலோ வருகிறது. கணக்கு சரி.

20-லிருந்து 14-ஐக் கழித்து 6 என்று சொன்னது ஏன் தவறாகிறது என்றால், அந்த இரண்டு சதவீதங்களும் ஒரே எடையின் மேல் சொல்லப்பட்டவை அல்ல. முதலாவது 100 கிலோவின் சதவீதம். இரண்டாவது காய்ந்து குறைந்த எடையின் சதவீதம். இந்த ஒரு வாக்கியம் உங்களுக்குத் தெளிவாக இருந்தால் போதும். மடலில் எழுத வேண்டியதும் இதன் சாரம்தான்.

ஆலைக்காரர் இந்தக் கேள்வியை ஏன் கேட்கிறார் என்பதையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். 100 கிலோவை மட்டும் வைத்துப் பார்த்தால் 6-க்கும் 6.98-க்கும் இடையே பெரிதாக ஒன்றும் இல்லை போலத் தோன்றும். 10 டன் ஏற்றிய லாரியில் அது 98 கிலோ. டெல்டாவில் குறுவை அறுவடை வடகிழக்குப் பருவமழை தொடங்கும் நாள்களோடு முட்டிக்கொள்கிறது. களத்தில் கொட்டிய நெல் காயும் முன் தார்ப்பாய் மூட வேண்டிய நாள்கள் அவை. அரசு கொள்முதலில் 17 சதவீதம் என்ற ஈரப்பத வரம்புக்கு ஒவ்வோர் ஈரமான பருவத்திலும் தளர்வு கேட்கப்படுவது அதனால்தான். அப்படிப்பட்ட நெல்லை எடைக்கு வாங்கி, காயவைத்து, அரைப்பவருக்கு ஒவ்வொரு லாரியிலும் 98 கிலோவைக் கணக்கில் விட்டுவிடும் உதவியாளர் தேவையில்லை. அவர் சோதித்தது உங்கள் பள்ளிக் கணிதத்தை அன்று; எந்த எடையின் மேல் சதவீதம் பேசுகிறோம் என்ற விழிப்பு உங்களிடம் இருக்கிறதா என்பதை.

எனவே திருத்தம் எழுதும்போது அந்த விழிப்பு தெரிய வேண்டும். எனக்கு வந்த மடல்களில் திருத்தத்தைக் கெடுத்துக்கொண்டவர்கள் இரண்டு வகையில் கெடுத்தார்கள். ஒரு சாரார், "பதற்றத்தில் வாய்தவறிவிட்டது, உண்மையில் எனக்கு அது நன்றாகத் தெரியும்" என்று எழுதுவார்கள். நன்றாகத் தெரியும் என்பதற்கு அந்த மடலிலேயே சான்று இருக்காது. சரியான விடையையே எழுதியிருக்க மாட்டார்கள். இன்னொரு சாரார் தவறை நினைத்து உருகி, மன்னிப்புக் கேட்டு, நான்கு வரி வருந்துவார்கள். படிப்பவருக்கு அந்தத் தவறு இருந்ததைவிடப் பெரியதாகத் தெரியும். நான் சொன்னது இது, அது தவறு, சரியானது இது, காரணம் இது என்று இரண்டு வாக்கியத்தில் முடித்துவிடுங்கள். எப்போது தெரிந்தது என்பதை உள்ளபடி சொல்லுங்கள். வீடு திரும்பும் வழியில் நீங்களே கணக்கிட்டுக் கண்டுபிடித்தீர்கள் என்றால் அப்படி. அண்ணனிடமோ ஆசிரியரிடமோ கேட்டுத் தெரிந்துகொண்டீர்கள் என்றால், "கேட்டுத் தெரிந்துகொண்டேன்" என்று எழுதுவதில் இழுக்கில்லை. ஒரு ஆலையில் தெரியாததைக் கேட்டுத் தெரிந்துகொள்பவரையே நாங்கள் நம்பி வேலை கொடுப்போம்.

எல்லாத் தவறுகளையும் இப்படித் திருத்த வேண்டியதில்லை. நாற்பது நிமிடப் பேச்சில் சறுக்கிய இடங்களை எல்லாம் வரிசைப்படுத்தினால் அது நன்றி மடலாக இருக்காது. கணக்கு, அளவு, ஒரு முறையின் பெயர் போன்று உறுதியாகச் சரி அல்லது தவறு என்று சொல்லக்கூடிய ஒன்றை, அதுவும் வேலைக்கு நேரடியாகத் தேவையான ஒன்றை மட்டும் திருத்துங்கள். "ஐந்து ஆண்டுகளில் எங்கே இருப்பீர்கள்" என்பதற்கு இன்னும் நன்றாகப் பதில் சொல்லியிருக்கலாம் என்ற எண்ணத்தை உங்களோடு வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் உங்களைப் பற்றிய தகவல் ஒன்று தவறாகப் போயிருந்தால் அதைக் கட்டாயம் திருத்த வேண்டும். அரியர் எதுவும் இல்லை என்று சொல்லிவிட்டு வந்தீர்கள், ஒரு பாடத்தின் முடிவு இன்னும் வரவில்லை என்றால், அல்லது இந்த மாதமே சேர்ந்துவிடுவேன் என்று சொன்னீர்கள், இப்போதைய வேலையில் ஒரு மாத முன்னறிவிப்பு தர வேண்டும் என்றால், அதை இன்றே எழுதுங்கள். சான்றிதழ் சரிபார்க்கும் நாளில் அவர்களாகக் கண்டுபிடித்தால் அதைத் தவறு என்று யாரும் எடுத்துக்கொள்ள மாட்டார்கள். மறைத்தது என்றே எடுத்துக்கொள்வார்கள்.

இனி நன்றிக்கு வருகிறேன். நம் ஊரில் நெருங்கியவர்களுக்குள் நன்றி என்று வாய்விட்டுச் சொல்வது குறைவு. சொன்னால் ஏதோ அந்நியமாகப் பேசுகிறோம் என்றிருக்கும். அதனால் எழுத்தில் நன்றி சொல்ல நேரும்போது அளவு தெரியாமல் போய்விடுகிறது. "தங்கள் பொன்னான நேரத்தை ஒதுக்கி, எளியேனையும் ஒரு பொருட்டாக மதித்து" என்று தொடங்கிவிடுகிறார்கள். இவை வாழ்த்துமடலில் இருந்து வரும் சொற்கள். யாருக்கு வேண்டுமானாலும், எதற்கு வேண்டுமானாலும் பொருந்தும் என்பதால் யாரையும் தொடுவதில்லை. அங்கே உங்களுக்கு உண்மையிலேயே கிடைத்தது ஏதாவது ஒன்று இருக்கும். அதை நினைவுபடுத்திப் பாருங்கள். ஆலையைச் சுற்றிக் காட்டினார்களா? உலர்கலனிலிருந்து இறக்கிய நெல்லை உடனே அரைக்காமல் ஏன் ஆறப்போடுகிறோம் என்று யாராவது விளக்கினார்களா? நெல்மணியின் மேற்புறம் முதலில் காய்ந்து உட்புறம் ஈரமாக இருக்கும்போது மேலும் மேலும் சூடேற்றினால் மணி உள்ளுக்குள் வெடிக்கும், அரைக்கும்போது நொய் அதிகமாகும், இடையிடையே ஆறப்போட்டால் உள்ளீரம் சமமாகப் பரவும் என்பது பாடப்புத்தகத்திலும் இருக்கிறது. ஆனாலும் ஒருவர் கையில் நான்கு மணிகளை வைத்துத் தேய்த்துக் காட்டிச் சொல்லும்போது அது வேறு. அப்படி ஒன்று நடந்திருந்தால் அதற்கு நன்றி சொல்லுங்கள். நடக்காத ஒன்றை நடந்ததாக எழுதிவிடாதீர்கள்; எதிரில் இருந்தவர்களுக்கு என்ன பேசினோம் என்று தெரியும்.

இன்னொரு சொல்லைப் பற்றியும் எச்சரிக்க வேண்டும். பள்ளியில் நமக்குக் கடிதம் என்று சொல்லிக்கொடுத்தது பெரும்பாலும் விண்ணப்பக் கடிதம். அதனால் கை தானாகவே "தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன்" என்று எழுதிவிடும். அந்தச் சொல் வந்த இடத்தில் நன்றி மடல் மனுவாகிவிடுகிறது. அப்பாவுக்கு உடல்நிலை சரியில்லை, தம்பி படித்துக்கொண்டிருக்கிறான், இந்த வேலை கிடைத்தால் குடும்பம் பிழைக்கும் என்பவை எல்லாம் உண்மையாகவே இருக்கலாம். அவற்றைப் படிக்கும்போது எனக்கு மனம் கனத்திருக்கிறது. ஆனால் அன்று வந்த பத்துப் பேரில் எட்டுப் பேர் வீட்டிலும் அப்படி ஒரு நிலைமை இருந்திருக்கும் என்பதை நான் அறிவேன். அதை எழுதியவருக்காக எழுதாதவரை விட்டுக்கொடுக்க முடியாது. அதேபோல, ஊரின் முக்கியஸ்தர் ஒருவரின் உறவினர் என்று ஒரு வரி சேர்ப்பவர்கள் உண்டு. அந்த வரி, அதற்கு முன் எழுதிய நல்ல வரிகள் அனைத்தையும் அழித்துவிடும். சம்பளம் பற்றியும் இந்த மடலில் ஒரு சொல்லும் வேண்டாம்.

நீங்கள் சொன்னவற்றை வைத்து, உங்கள் இடத்தில் இருந்தால் நான் எழுதக்கூடிய மடலைக் கீழே தருகிறேன். நெல் ஆறப்போடுவதைப் பற்றிய வாக்கியம் என் ஊகம். அந்த இடத்தில் உங்களுக்கு உண்மையாக நடந்ததை எழுதுங்கள். சான்றிதழ் பற்றிய வரியும் அவர்கள் கேட்டிருந்தால் மட்டுமே.

"பொருள்: நன்றி – தரக்கட்டுப்பாட்டு உதவியாளர் நேர்முகத் தேர்வு, இன்று முற்பகல் 11 மணி

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். தரக்கட்டுப்பாட்டு உதவியாளர் பணிக்காக இன்று முற்பகல் தாங்களும் மற்ற இருவரும் என்னுடன் பேசியதற்கு நன்றி. உலர்கலனிலிருந்து இறக்கிய நெல்லை ஆறப்போட்ட பிறகே அரைப்பதன் காரணத்தை உற்பத்திப் பிரிவு மேலாளர் மணிகளைக் கையில் வைத்து விளக்கியது எனக்குப் புதிய பாடம்.

ஈரப்பதம் பற்றிய கேள்விக்கு நான் சொன்ன 6 கிலோ என்ற விடை தவறு என்பதை வீடு திரும்பும் வழியில் உணர்ந்து மீண்டும் கணக்கிட்டேன். 100 கிலோ நெல்லில் உள்ள 80 கிலோ உலர்ந்த பொருள் மாறாததாலும், 14 சதவீதம் என்பது காய்ந்த எடையின் மேல் கணக்கிடப்படுவதாலும், காய்ந்த பின் எடை 80 ÷ 0.86 = 93.02 கிலோ, எடைக் குறைவு ஏறக்குறைய 7 கிலோ.

தாங்கள் கேட்ட தற்காலிகப் பட்டச் சான்றிதழின் நகலை இணைத்துள்ளேன். வேறு விவரம் தேவைப்பட்டால் தெரிவியுங்கள்; உடன் அனுப்புகிறேன்.

இப்படிக்கு,
(முதலெழுத்துடன் உங்கள் முழுப் பெயர்)
(விண்ணப்பத்தில் கொடுத்த அதே கைப்பேசி எண்)"

இதில் நன்றி இரண்டு வாக்கியம், திருத்தம் இரண்டு வாக்கியம், வேலையாக இரண்டு வாக்கியம். இதைவிட நீளமாக்க வேண்டாம். அனுப்புநர், பெறுநர் என்று முகவரி எழுதுவது தாளில் எழுதும் கடிதத்துக்கு உரியது. மின்னஞ்சலில் அந்த இரண்டும் மேலேயே இருக்கின்றன. மடலைத் தனிக் கோப்பாகத் தட்டச்சு செய்து இணைக்கும் பழக்கமும் வேண்டாம். கைப்பேசியில் மின்னஞ்சலைத் திறப்பவர் இணைப்பைத் தொட்டு, அது இறங்கி, திறக்கும் வரை காத்திருக்க மாட்டார். சொல்ல வந்தது திறந்த உடனே கண்ணில் பட வேண்டும்.

தமிழில் தட்டச்சு செய்வதில் ஒரு கோளாறைப் பலமுறை பார்த்திருக்கிறேன். டி.டி.பி. கடையில் அல்லது பழைய கணினியில் பாமினி, வானவில் போன்ற எழுத்துருக்களில் அடித்ததை அப்படியே எடுத்து மின்னஞ்சலில் ஒட்டினால், அந்த எழுத்துரு இல்லாத கைப்பேசியில் அது பொருளற்ற ஆங்கில எழுத்துகளும் குறிகளுமாகத் தெரியும். அனுப்பியவர் திரையில் சரியாக இருந்திருக்கும். அவருக்கு நடந்தது தெரியவே தெரியாது. உங்கள் கைப்பேசியின் தமிழ் விசைப்பலகையில் யூனிகோடில் அடித்தால் இந்தத் தொல்லை இல்லை. ஐயமாக இருந்தால் முதலில் வீட்டில் இன்னொருவரின் கைப்பேசிக்கு அனுப்பிப் பாருங்கள். அழைப்பு மடல் ஆங்கிலத்தில் வந்து, பேச்சும் ஆங்கிலத்தில் நடந்திருந்தால் ஆங்கிலத்தில் எழுதுங்கள். நீங்கள் கேட்பதைப் பார்த்தால் பேச்சு தமிழில்தான் நடந்திருக்கும் என்று நினைக்கிறேன். பேசிய மொழியிலேயே எழுதுவதுதான் இயல்பு.

யாருக்கு அனுப்புவது என்ற கேள்விக்கு விடை எளிது. நேர்முகத் தேர்வுக்கு வரச்சொல்லி எந்த மின்னஞ்சல் வந்ததோ அதற்கே பதிலாக அனுப்புங்கள். உங்கள் பெயர், பணி, தேதி எல்லாம் அந்தத் தொடரிலேயே இருப்பதால் படிப்பவர் தேட வேண்டியதில்லை. மற்ற இருவருடைய முகவரியைத் துழாவிக் கண்டுபிடித்து மூன்று பேருக்கும் தனித்தனியாக அனுப்ப வேண்டாம். ஒருமுறை எங்கள் மூன்று பேருக்கும் ஒரே நாளில் ஒரே மடல் தனித்தனியாக வந்தது; எனக்கு வந்ததில் என்னுடன் அமர்ந்திருந்தவரின் பெயர் இருந்தது. அந்தப் பையன் நல்ல பையன், வேலை தெரிந்தவன். ஆனால் சாக்குகளில் சீட்டு மாற்றி ஒட்டுபவன் என்ற எண்ணம் எங்களுக்கு வந்துவிட்டது. அதை எங்களால் விலக்கிக்கொள்ள முடியவில்லை. மற்றவர்களை மடலுக்குள் பொறுப்பின் பெயரால் குறிப்பிட்டாலே அவர்களிடமும் செய்தி போய்ச் சேரும். அழைப்பு வாட்ஸ்அப்பில்தான் வந்தது, மின்னஞ்சல் முகவரியே இல்லை என்றால் அதே எண்ணுக்கு, அதே மடலைச் சற்றுச் சுருக்கி, ஒரே செய்தியாக அனுப்பலாம். குரல்பதிவு அனுப்ப வேண்டாம்.

பெயர் சொல்லி விளிக்க விரும்பினால் கவனம் தேவை. மின்னஞ்சலில் பெயர் இரண்டு சொல்லாகத் தெரியும்போது, ஆங்கில வழக்கப்படி பின்னால் உள்ளதை எடுத்து "திரு." சேர்த்து எழுதுபவர்கள் இருக்கிறார்கள். நம் பெயர்களில் பின்னால் இருப்பது பலருக்கு அப்பாவின் பெயர். பெண்களுக்குக் கணவர் பெயராகவும் இருக்கும். நன்றியை அவருடைய அப்பாவுக்குச் சொன்னது போலாகிவிடும். எது எது என்று உறுதியாகத் தெரியாவிட்டால் "மதிப்பிற்குரிய ஐயா" என்பதே போதுமான மரியாதை. பெண்ணாக இருந்தால் "மதிப்பிற்குரிய அம்மா". பேசும்போது சார் என்றும் மேடம் என்றும் சொல்லியிருப்பீர்கள்; எழுத்தில் இது பொருந்தும்.

இதைப் படிக்கும் வேறு யாரும் தவறாகப் பின்பற்றிவிடக் கூடாது என்பதற்காக ஒன்றைச் சொல்ல வேண்டும். நான் சொல்வதெல்லாம் தனியார் நிறுவனங்களுக்கு. தமிழ்நாடு அரசுப் பணியாளர் தேர்வாணையம் போன்ற அமைப்புகள் நடத்தும் நேர்முகத் தேர்வுக்குப் பின் குழு உறுப்பினர்கள் யாருக்கும், எவ்வளவு தூய எண்ணத்தோடும், எழுதக் கூடாது. தேர்வு செய்பவர்களிடம் தனிப்பட்ட முறையில் ஆதரவு தேடுவது அங்கே தகுதி நீக்கத்துக்கு உரிய செயல்; நன்றி மடலும் அப்படிப் பார்க்கப்பட இடமுண்டு. அரசு நிறுவனங்கள், கூட்டுறவு நிறுவனங்கள், பொதுத்துறை வங்கிகள் ஆகியவற்றிலும் அதே ஒதுக்கத்தைக் கடைப்பிடியுங்கள்.

மடல் உங்களுக்கு வேலையை வாங்கித் தருமா என்றால், அதனால் மட்டும் தராது. வேலை தெரியாதவரை ஒரு மடலுக்காக நாங்கள் எடுத்ததில்லை. ஆனால் இரண்டு பேர் கிட்டத்தட்டச் சமமாக நிற்கும்போதும், ஒருவரைப் பற்றி ஒரே ஒரு ஐயம் மட்டும் தாளில் இருக்கும்போதும், அந்த ஐயத்துக்கு நேரான விடை அன்றிரவே வந்து சேர்ந்தால் அதைப் பார்க்காதது போல இருக்க முடியாது. சில ஆண்டுகளுக்கு முன் ஒரு தை மாதம், சம்பா நெல் வந்து இறங்கிக்கொண்டிருந்த நாளில், குத்தாலம் பக்கத்திலிருந்து வந்திருந்த ஒரு பெண் உங்களைப் போலவே கழித்தலில் விடை சொல்லிவிட்டுப் போனார். இரவு எட்டு மணி இருக்கும். எடைமேடைச் சீட்டுகளைச் சரிபார்த்துக்கொண்டிருந்தபோது அவருடைய மடல் வந்தது. ஐந்தே வரி. நான் பென்சிலால் எழுதியிருந்த "கணக்கில் தடுமாற்றம்" என்பதை அழிக்கவில்லை. அதன் பக்கத்தில் "தானே திருத்தினார்" என்று எழுதினேன்.

அனுப்பிய பிறகு காத்திருங்கள். அவர்கள் "நன்றி" என்று ஒரு சொல்லில் பதில் எழுதினால் அதற்கு மறுபதில் வேண்டாம். பதிலே வராவிட்டாலும் அதில் பொருள் தேடாதீர்கள். முடிவு எப்போது தெரியும் என்று அவர்கள் ஒரு நாளைச் சொல்லியிருந்தால் அந்த நாள் கடந்து இரண்டு வேலை நாள் போன பின், அதே தொடரில், ஒரே வரியில் விசாரிக்கலாம். நாள் எதுவும் சொல்லாவிட்டால் பத்து நாள் பொறுங்கள்.

ஒன்றுக்கு மட்டும் ஆயத்தமாக இருங்கள். குத்தாலத்துப் பெண்ணை நான் மறுநாள் காலை கைப்பேசியில் அழைத்தேன். மடலை அவரே எழுதினாரா, புரிந்து எழுதினாரா என்று தெரிந்துகொள்ள, எண்ணை மாற்றி அதே கேள்வியைக் கேட்டேன். 22 சதவீதத்தில் வந்த 100 கிலோ, 14-க்குக் காய்ந்தால்? கொஞ்ச நேரம் அமைதி. பின்னணியில் பேனா கிறுக்கும் ஓசை. "உலர்ந்தது 78 கிலோ சார், 0.86-ஆல் வகுத்தால் 90.70, குறைவது 9.30 கிலோ" என்றார். உங்களுக்கும் அப்படி ஓர் அழைப்பு வரலாம். மடலை அனுப்பிவிட்டுப் படுக்கப் போகும் முன், 18 சதவீதத்துக்கும் 16 சதவீதத்துக்கும் ஒருமுறை காகிதத்தில் போட்டுப் பார்த்துவிடுங்கள், காய்ந்த பின் எடை 95.35 கிலோவும் 97.67 கிலோவும் வந்தால் சரி.